முகம் சிவந்தால் சம்மதமா?

"நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவன். வயது 30. சிப்காட் பகுதியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் திருமணம். பெண் புதுச்சேரி முத்தியால்பேட்டை, தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. பெண் பார்க்கப் போனபோது அவர் தலை குனிந்து நின்றார். 'பெண்ணுக்கு வெட்கம், சம்மதம்தான்' என்று அம்மா சொல்லிவிட்டார். ஆனால் நான் மனதாரப் பாராட்டினால் அந்த வெட்கம் வருவதில்லை. கடற்கரைச் சாலையில் 'இந்தச் சுடிதார் உங்களுக்கு அழகாக இருக்கிறது' என்றேன். 'இதுவா? பழசு. சண்டே மார்க்கெட்டில் தங்கை பேரம் பேசி வாங்கியது' என்று சிரித்தார். 'உங்கள் குரல் எனக்குப் பிடித்திருக்கிறது' என்று செய்தி அனுப்பினால், அடுத்த நொடியே 'உங்கள் குரலும் நன்றாக இருக்கிறது' என்று வருகிறது. ஆரி வேலை செய்த ரவிக்கையைப் புகழ்ந்தால் 'அம்மா தேர்ந்தெடுத்த டிசைன்' என்கிறார். ஆனால் நிச்சயதார்த்தத்தில் என் பெரியப்பா மகன், எல்லார் முன்னிலையிலும் 'எங்கள் வீட்டுக்கு மகாலட்சுமி வருகிறாள்' என்றபோது, காதும் கழுத்தும் சிவந்துவிட்டன. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போன வாரம் நான் எழுதிய பாராட்டுக்குப் பதிலே இல்லை. நான் பேச்சுவாக்கில் சொன்ன பாய்லர் கோளாறு சரியானதா என்று மட்டும் கேட்டார். வெட்கப்பட்டால் ஆசை, மழுப்பினால் விருப்பமில்லை, திருப்பிச் சொன்னால் ஒப்புக்குச் சொல்வது என்கிறான் நண்பன். அவர் முன்னால் வேறொரு பெண்ணைப் பாராட்டிப் பார்க்கச் சொல்கிறான். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாராட்டும்போது அவர் நடந்துகொள்ளும் விதத்துக்கு என்ன பொருள் என்பது ஒன்று. இந்தத் திருமணத்தில் அவருக்கு விருப்பமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 'இப்படி இருக்கலாம்' என்ற அளவில் என்னால் பதில் சொல்ல முடியும். இரண்டாவது கேள்விக்கு அவர் ஒருவரைத் தவிர யாராலும் பதில் சொல்ல முடியாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெண் பார்த்த அன்று அவர் தலை குனிந்தார். உங்கள் தாயார் அதைச் சம்மதம் என்றார். அதற்குப் பிறகு யாராவது அவரிடம் வாய்விட்டுக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த வீடியோவைப் பார்ப்போம்.

காதும் கழுத்தும் ஏன் சிவந்தன

முகம் சிவப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாத செயல். பொய்யாகச் சிரிக்கலாம், பொய்யாக அழவும் சிலரால் முடியும். நினைத்த நேரத்தில் முகத்தைச் சிவக்க வைக்க யாராலும் முடியாது. பலர் நம்மை உற்றுப் பார்க்கிறார்கள் என்று மனம் உணர்ந்ததும் தன்னியக்க நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. முகம், காது, கழுத்துப் பகுதிகளில் தோலுக்கு அருகிலேயே நிறைய இரத்தக் குழாய்கள் உள்ளன. அவை விரிந்து இரத்தம் பாய்வதால் சூடும் சிவப்பும் வருகின்றன. சில நொடிகளில் தொடங்கும், சில நிமிடங்களில் அடங்கும். மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இதே சூடு ஏறும். வெளியே தெரிவது மட்டும் குறைவு.

1872இல் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின், இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணமே முகத்தைச் சிவக்க வைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பின்னால் வந்த உளவியலாளர்களும் ஏறக்குறைய அதையே வேறு சொற்களில் சொன்னார்கள்: நாம் கேட்காத கவனம் நம் மீது குவியும்போது முகம் சிவக்கிறது. தப்புச் செய்து பிடிபட்டால் சிவக்கும். செய்யாத தப்புக்குப் பழி விழுந்தாலும் சிவக்கும். பலர் முன்னால் புகழ்ந்தால் சிவக்கும். 'ஏன் உன் முகம் சிவக்கிறது?' என்று ஒருவர் கேட்டாலே போதும், அதுவரை சிவக்காத முகமும் சிவந்துவிடும். இத்தனைக்கும் பொதுவாக இருப்பது கவனம். ஆசை இந்தப் பட்டியலில் எப்போதாவது வந்து சேரும் ஒன்று.

இப்போது நிச்சயதார்த்த மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். இரு வீட்டு உறவினரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீடியோக்காரரின் விளக்கு முகத்துக்கு நேரே எரிகிறது. ஆவணி மாதத்துக் கடலோரப் புழுக்கம், பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. அந்த நேரத்தில் புகுந்த வீட்டு மூத்தவர் ஒருவர் உரக்கப் புகழ்கிறார். அதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? ஆமாம் என்றால் அகந்தை, இல்லை என்றால் மரியாதைக் குறைவு. வாய் திறக்க வழியில்லாத இடத்தில் உடல் பதில் சொல்லியிருக்கிறது. அந்த வரியை உங்கள் பெரியப்பா மகன் சொல்லியிருந்தாலும், பெரியம்மா சொல்லியிருந்தாலும், புரோகிதர் சொல்லியிருந்தாலும் அவர் சிவந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தச் சிவப்பு அந்த மனிதருக்கானது என்று எண்ண உங்கள் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. கடற்கரையில் உங்களோடு பேசும்போது சிவக்கவில்லை என்பதை, உங்கள் அருகில் அவர் கொஞ்சம் இயல்பாக இருக்கிறார் என்றும் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

"இதுவா? பழசு"

மழுப்புவது என்று நீங்கள் குறிப்பிடுவதற்குள் குறைந்தது மூன்று வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததுதான் உங்கள் நண்பருடைய விதியின் பெரிய குறை.

ஒருவர் நம்மைப் பாராட்டும்போது இரண்டு நெருக்கடிகள் ஒரே நேரத்தில் வருகின்றன. சொன்னவரோடு ஒத்துப்போக வேண்டும். அதே சமயம் தற்பெருமை பேசக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் அனிதா பொமரான்ட்ஸ் 1978இல் இதை எடுத்துக்காட்டினார். இரண்டையும் முழுதாக நிறைவேற்ற முடியாததால் மனிதர்கள் நடுவில் ஒரு வழி தேடுகிறார்கள்: பாராட்டைச் சற்றுக் குறைத்து ஏற்பார்கள், புகழை வேறொருவருக்குத் தள்ளுவார்கள், அல்லது சொன்னவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். அவர் கவனித்தது ஆங்கிலப் பேச்சை. நம் வீடுகளில் இரண்டாவது நெருக்கடி இன்னும் பலமானது. தன்னைப் பற்றி உயர்வாகச் சொல்வதைக் கேட்டுப் பேசாமல் இருந்தாலே திமிர் என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற அச்சம் வேறு. குழந்தை அழகு என்று யாராவது சொன்னால் 'எங்கே, நோஞ்சானாக இருக்கிறான்' என்று பதில் சொல்லும் தாய்மார்களிடம்தானே நாம் வளர்ந்தோம்?

அடக்கத்தால் வரும் மறுப்பு சுருக்கமாக இருக்கும், முகத்தில் மலர்ச்சி இருக்கும், பேச்சு அறுந்துபோகாது. அதே பாராட்டை இன்னொரு முறை சொன்னால் சண்டை போடாமல் விட்டுவிடுவார்கள்.

நம்ப முடியாமல் வரும் மறுப்பு வேறு மாதிரி. அவர் உங்களோடு வாதாடுவார், எதிர்ச் சான்று தேடுவார்: 'நான் குண்டு, நீங்கள் சும்மா சொல்கிறீர்கள், போன வாரம்கூட ஒருத்தர் சொன்னார்' என்று போகும். முகம் வாடும், சில மணி நேரம் கழித்தும் அந்தப் பேச்சு திரும்ப வரும். தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணிப் பழகியவருக்குப் பாராட்டு இனிக்காது, குழப்பும். தான் அறிந்த தன்னோடு அது பொருந்தாததால் அவர் அதைத் தள்ளுகிறார். பாராட்டியவரையும் சந்தேகிக்கக்கூடும். பாராட்டு வரும் என்ற பயத்திலேயே விழாக்களைத் தவிர்க்கும் அளவுக்குப் போனால் அது சமூகப் பதற்றத்தின் ஒரு முகமாக இருக்கலாம். அதற்கு உளவியல் சிகிச்சையில் நல்ல வழிகள் உண்டு.

மூன்றாவது, கதவைச் சாத்தும் மறுப்பு. அதில் விவரமே இருக்காது. 'ஓ', 'சரி', 'அப்படியா' என்று முடியும். உடனே பேச்சு மாறும். அடுத்தடுத்த அழைப்புகள் சுருங்கும். சந்திக்கக் காரணங்கள் குறையும்.

உங்கள் வருங்கால மனைவி கடற்கரையில் சொன்னதை இந்த மூன்றோடும் வைத்துப் பாருங்கள். சுடிதார் பழையது என்று குறைத்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. எங்கே வாங்கியது, யார் பேரம் பேசியது என்று சொல்லித் தங்கையையும் கதைக்குள் கொண்டுவந்தார், சிரித்தார். காந்தி வீதியில் ஞாயிறன்று இருவரும் அலைந்த ஒரு மாலையை உங்கள் முன்னால் வைத்திருக்கிறார். 'எவ்வளவுக்குப் படிந்தது?' என்று நீங்கள் கேட்டிருந்தால் பேச்சு அரை மணி நேரம் நீண்டிருக்கும். ரவிக்கைக்கு அம்மாவைச் சொன்னதும் இதே வகைதான்: புகழைத் தன்னிடமிருந்து நகர்த்தி, தனக்கு வேண்டியவர் மீது வைக்கிறார். கதவைச் சாத்துபவர் இப்படிச் செய்வதில்லை. இவற்றிலிருந்து அவருக்கு உங்கள் மேல் காதல் என்று நான் சொல்லமாட்டேன். வெறுப்பு என்று சொல்ல இடமில்லை; அவ்வளவுதான்.

உடனே திரும்பி வரும் பாராட்டு

பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை நாம் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போடுவோம். 'உங்கள் குரலும் நன்றாக இருக்கிறது' என்பது அந்தச் சர்க்கரை. அதே நொடியில், அதே பொருளைப் பற்றி, அதே அளவில் திரும்பும் பாராட்டு பெரும்பாலும் கடனைத் தீர்க்கும் மரியாதை. ஒப்புக்குச் சொல்வது என்று அதை இழிவாக நினைக்க வேண்டாம். நிச்சயமான சில மாதங்களில், என்ன பதில் எழுதினால் அதிகமாகத் தெரியும், எது குறைவாகத் தெரியும் என்று புரியாத ஒருவருக்கு அதுவே பாதுகாப்பான வழி. எழுத்தில் முகமும் தொனியும் தெரியாது என்பதால் செய்திகளில் இது இன்னும் அதிகம் நடக்கிறது.

எடை கூடிய பதில் வேறு வடிவத்தில் வரும்: தாமதமாக, கேட்காமலே, உங்களுக்கு மட்டுமே பொருந்தும் விவரத்தோடு. போன வாரம் அப்படி ஒன்று வந்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பாய்லர் கோளாறைப் பற்றி நீங்கள் சும்மா சொன்னீர்கள். கணித ஆசிரியைக்குப் பாய்லரில் என்ன அக்கறை? உங்கள் இரவு ஷிஃப்ட் எப்படிப் போனதோ என்று நினைத்திருக்கிறார், நினைவில் வைத்துக் கேட்டிருக்கிறார். உங்கள் பாராட்டுக்கு அன்று பதில் வராததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான் அவருடைய மனதை அளக்க வேண்டியிருந்தால், சிவந்த கழுத்தைவிட இந்த ஒரு கேள்விக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

உங்கள் பாராட்டுகளையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். சுடிதார், குரல், ரவிக்கை: மூன்றும் தோற்றத்தையும் உடைமையையும் தொட்டவை. நிச்சயமான பெண்ணிடம் அவற்றைச் சொல்லும்போது அவர் கூச்சத்தையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அவர் செய்த ஒன்றைச் சொல்லி, அது உங்களுக்கு ஏன் பெரிதாகத் தெரிந்தது என்றும் சொல்லுங்கள். 'பாய்லரைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் யாரும் கேட்கவில்லை' என்றால் அதை மறுக்க வழியில்லை, ஏனென்றால் நீங்கள் சொல்வது உங்களைப் பற்றியது. காதலரின் பாராட்டு தங்களுக்கும் உறவுக்கும் என்ன பொருள் தருகிறது என்று விரித்து எழுதியபோது, தன்மதிப்பு குறைந்தவர்களும் அதை நம்பி ஏற்கத் தொடங்கினார்கள் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. சொன்ன பிறகு பதிலை எதிர்பார்த்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

நண்பர் சொன்ன சோதனை

செய்யாதீர்கள். வேறொரு பெண்ணை அவர் முன்னால் புகழ்ந்தால் அவர் முகம் மாறலாம். அது பொறாமையா, அவமானமா, உங்கள் மேல் வந்த ஐயமா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. இந்த வீட்டில் நம்மை ஒப்பிடுவார்கள் என்று அவர் கற்றுக்கொள்வது மட்டும் உறுதி. அவருடைய செய்திகளை நண்பருக்குக் காட்டுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். உங்களை நம்பி எழுதியதை மூன்றாமவர் படித்து விதி வகுப்பது அவருக்குத் தெரிந்தால், அதன் பிறகு அவர் எழுதுவதெல்லாம் அளந்தே வரும். வீடியோவை அண்ணியிடமோ தங்கையிடமோ கொடுத்து வைத்துவிடுங்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் புதிய தகவல் கிடைப்பதில்லை, சந்தேகம்தான் தடிக்கிறது. பெரியப்பா மகனைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். கேட்டால், நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டுச் சாட்சி தேடுவதாகவே அது அவர் காதில் விழும்.

கேட்க வேண்டிய கேள்வி

தலை குனிந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். உங்கள் தாயார் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்னபடி, பெரியவர்கள் சூழ்ந்து நின்று உற்றுப் பார்த்தால் விருப்பமுள்ள பெண்ணும் தலை குனிவாள், விருப்பமில்லாத பெண்ணும் தலை குனிவாள். இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சட்டமும் குனிந்த தலையைப் பார்ப்பதில்லை: வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தால் நடந்த திருமணத்தை ரத்துசெய்யக் கோர 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் வீட்டில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நிச்சயதார்த்தம் என்பது திருமணம் ஆகாது, இருவரில் யாரும் இப்போதும் பின்வாங்கலாம். அந்த உரிமை தனக்கு உண்டு என்று அவருக்குத் தெரியுமா என்பதே என் கேள்வி.

கேட்கும் இடம் முக்கியம். பெற்றோர் கேட்கும் தொலைவில் இருந்தால் வேண்டாம், செய்தியில் வேண்டாம், அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேண்டாம். கடற்கரைச் சாலையில் தங்கை சற்றுத் தள்ளி நடக்கட்டும். பாராட்டில் தொடங்காதீர்கள், அது பதிலை இனிமையாக்கச் சொல்லி அவரை நெருக்கும். நேராகச் சொல்லுங்கள்: "பெண் பார்த்த அன்று உங்களிடம் யாரும் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இந்தத் திருமணத்தில் உங்களுக்கு விருப்பமா? வேண்டாம் என்றால் என் வீட்டில் நானே பேசிக்கொள்கிறேன், உங்கள் பேச்சே எடுக்கமாட்டேன். இப்போதே பதில் சொல்ல வேண்டும் என்றில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். மறுத்தால் பழி தன் மேல் விழும் என்ற பயம் உள்ளவரை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். 'எனக்கு விருப்பம்தான்' என்றால் நம்புங்கள், முகம் சிவந்ததா என்று சோதிக்க வேண்டாம். 'வீட்டில் சொன்னால் சரி', 'அப்பா முடிவு செய்துவிட்டார்' என்று வந்தால் அதைச் சம்மதமாக எண்ணாதீர்கள். 'வீட்டுக்குச் சரி, உங்களுக்கு?' என்று ஒரு முறை, மென்மையாகக் கேளுங்கள். மறுபடியும் வீட்டையே சொன்னால் அழுத்தாமல், ஒரு வாரம் கழித்துப் பேசலாம் என்று விடுங்கள். வேலைக்குப் போவதைப் பற்றியோ, தனிக்குடித்தனத்தைப் பற்றியோ, சம்பளத்தைப் பற்றியோ அவர் உங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினால் எரிச்சல் படாதீர்கள். திருமணத்தை உண்மையாக யோசிப்பவர் அப்படித்தான் கேட்பார்.

விருப்பமில்லை என்று சொன்னால் வலிக்கும். அப்போது காரணம் கேட்டு வாதாட வேண்டாம், பெரியப்பா மகனின் பெயரை இழுக்க வேண்டாம். கொடுத்த வாக்குப்படி உங்கள் வீட்டில் நீங்களே பேசுங்கள், பரிமாறிய நகையையும் சீரையும் இரு வீட்டுப் பெரியவர் ஒருவரை வைத்துத் திருப்பிக்கொள்ளுங்கள். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போடாமல், பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதன் பிறகு 'இல்லை' என்று சொல்வது அவருக்கு மிகக் கடினம்.